தொடக்கநிலை 4 மகன்: விடை தெரிகிறது, நேரத்துக்குள் எழுதி முடிக்க முடியவில்லை. பள்ளியில் எதைக் கேட்பது நியாயம்?

ஈசூன்_அம்மா

வணக்கம். என் மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். கணக்கு நன்றாக வரும். வீட்டில் கதை சொல்லச் சொன்னால் விடாமல் சொல்வான். ஆனால் பள்ளியிலிருந்து வரும் தாள்களில் கடைசிப் பக்கங்கள் காலியாக இருக்கும். எழுதிய விடையெல்லாம் சரி, எழுதாமல் விட்டதில்தான் மதிப்பெண் போகிறது. மற்றப் பிள்ளைகள் ஓய்வுநேரத்துக்கு இறங்கிப் போன பிறகும் இவன் வெண்பலகையைப் பார்த்துத் திருத்தங்களை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று வகுப்பாசிரியர் சொன்னார். "திறமை இருக்கிறது, வேகமும் கவனமும் போதாது" என்றுதான் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கிறோம்.

உளவியலாளரிடம் சோதித்துப் பார்த்தோம். மொழிவழிப் புரிதல் 116, காரணமறியும் திறன் 112, செயல்நினைவு 97, செயலாக்க வேகம் 80 என்று அறிக்கை வந்திருக்கிறது. கவனக்குறைவுக் கோளாறு இல்லை, டிஸ்லெக்சியாவும் இல்லை என்கிறார்கள். பரிந்துரை என்ற இடத்தில் "கூடுதல் நேரம் தரலாம்" என்று ஒரே ஒரு வரி. அடுத்த மாதம் பள்ளியில் பேசப் போகிறோம். கூடுதல் நேரம் மட்டும் கேட்டால் போதுமா? வேறு என்ன கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

புக்கிட்பாத்தோக்_அப்பா

வேகம் பழக்கத்தில் வருவது சகோதரி. என் மூத்தவனும் இப்படித்தான் இருந்தான். தினமும் கடிகாரம் வைத்து வாய்ப்பாடு, வாரம் இரண்டு தடவை அபாக்கஸ். ஓர் ஆண்டில் ஆளே மாறிவிட்டான். நேரம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டால் பிள்ளை அதையே நம்பி உட்கார்ந்துவிடும். தொடக்கநிலை 6 இறுதியில் வரும் பிஎஸ்எல்இ தேர்வில் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

தெம்பனிஸ்_ஆச்சி

என்னம்மா, 80 என்றால் பிள்ளையைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார்களா? என் தங்கை பேரனுக்கு அப்படித்தான் சோதனை எடுத்தார்கள், பிறகு மாற்றினார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே.

ஈசூன்_அம்மா

இல்லை ஆச்சி, அப்படி யாரும் சொல்லவில்லை. மற்ற எண்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இந்த ஒன்றுதான் தாழ்ந்திருக்கிறது. நீங்கள் அக்கறையோடு கேட்டதற்கு நன்றி.

கல்லாங்_உளவியலாளர்

பிள்ளைகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

இந்த எண்களுக்கு நடுப்புள்ளி 100. மொழிவழிப் புரிதல் 116 என்றால் அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறக்குறைய 85 பேருக்கு மேலே நிற்கிறான். செயலாக்க வேகம் 80 என்றால் அதே நூறு பேரில் கீழிருந்து ஒன்பதாவது இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் அவன் தினமும் வகுப்பில் உணர்கிறான். ஆசிரியர் கேட்டது புரிகிறது, விடையும் தெரிகிறது. அது தாளில் இறங்குவதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை வகுப்பில் பார்த்தால் அடையாளம் தெரியும். "புத்தகத்தை எடு, 42ஆம் பக்கம், மூன்றாம் கேள்வி" என்று சொன்னால் மற்றவர்கள் எழுத ஆரம்பித்த பிறகும் இவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கேள்வி கேட்டால் முதலில் விழிப்பார்கள். ஆசிரியர் அடுத்த பிள்ளையிடம் போனதும் விடை வாயில் வரும். குழு வேலையில் நல்ல யோசனை இருக்கும், ஆனால் பேச்சு அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருக்கும். மாலையில் வீட்டுக்கு வந்தால் சோர்ந்து விழுவார்கள், ஏனென்றால் நாள் முழுக்க ஓடித்தான் மற்றவர்களோடு நடந்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். அறிக்கையின் உட்பக்கத்தில் இந்த 80 எந்தெந்தச் சிறு சோதனையிலிருந்து வந்தது என்று இருக்கும். பெரும்பாலும் இரண்டு. குறியீடுகளைப் பார்த்து எழுதுவது ஒன்று, குறியீட்டைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டின் மதிப்பெண்ணையும் சொல்லுங்கள்.

ஈசூன்_அம்மா

பார்த்து எழுதுவதில் 5, தேடிக் கண்டுபிடிப்பதில் 8 என்று போட்டிருக்கிறது.

கல்லாங்_உளவியலாளர்

அதில் சராசரி 10. இரண்டு சோதனையும் தலா இரண்டு நிமிடம்தான். ஆனால் முதலாவதில் பென்சில் ஓயாமல் ஓட வேண்டும், இரண்டாவதில் ஒரு கோடு போட்டால் போதும். கண்ணால் தேடும்போது சராசரியை ஒட்டி வந்தவன், கை சேர்ந்ததும் நன்றாக இறங்கிவிட்டான். அப்படியென்றால் 80 என்ற ஒற்றை எண்ணில் சிந்தனையின் வேகம் கொஞ்சம், கையெழுத்தின் வேகம் கொஞ்சம், ஒருவேளை ஒவ்வொரு குறியையும் அழகாகப் போட வேண்டும் என்ற கவனமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதற்கு நல்ல துப்பு.

இன்னொன்று. தயவுசெய்து அந்தச் சோதனை மாதிரித் தாள்களை இணையத்தில் தேடி வீட்டில் பழக்காதீர்கள். எண் ஏறும், பிள்ளையின் வேகம் ஏறாது. பிறகு உதவி தேவை என்று காட்டவும் வழி இருக்காது.

புக்கிட்பாத்தோக் ஐயா சொன்னதில் பாதி சரி. வாய்ப்பாடு யோசிக்காமல் வரும் அளவுக்கு ஆகிவிட்டால் கணக்கில் நேரம் மிச்சமாகும், அது உண்மை. ஆனால் அது வாய்ப்பாட்டோடு நிற்கும். அபாக்கஸில் வேகமாக ஆன பிள்ளை ஆங்கிலக் கட்டுரையிலும் வேகமாகிவிடாது. வயது ஏற ஏற எல்லாப் பிள்ளைகளுக்கும் வேகம் கூடும், இவனுக்கும் கூடும். ஆனால் கூடப் படிப்பவர்களுக்கும் கூடுவதால் வரிசையில் இவன் இடம் பெரிதாக மாறாது.

தமிழாசிரியை_ஜூரோங்

நான் தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். அமைதியான பிள்ளையாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. சத்தம் போடுகிற பிள்ளைக்குக் கிடைக்கிற கவனம் இதற்குக் கிடைப்பதில்லை.

நான் பார்க்கிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வாக்கியத்தைச் சுவரில் ஒட்டி, பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல்லுக்கு எத்தனை முறை தலையைத் தூக்குகிறான் என்று கவனியுங்கள். நன்றாகப் பழகிய பிள்ளை "மழை பெய்தது" என்பதை ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டு குனிந்து எழுதிவிடும். தடுமாறுகிற பிள்ளை "பெ" எழுத ஒருமுறை, "ய்" எழுத ஒருமுறை, புள்ளி வைத்தோமா என்று பார்க்க மறுபடி ஒருமுறை நிமிரும். வெண்பலகைக்கும் தாளுக்கும் நடுவில் இப்படி அலைந்தே கால் மணி நேரம் போய்விடும். அதில் தமிழறிவு எதுவும் வளர்வதில்லை.

அப்புறம், தமிழில் மட்டும் மெதுவா, ஆங்கிலத்திலும் மெதுவா என்று பாருங்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை தமிழில் மெதுவாக எழுதினால் அது பழக்கக் குறைவு, வேறு விஷயம். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால்தான் இந்த அறிக்கையோடு பொருந்தும்.

ஈசூன்_அம்மா

இரண்டிலும்தான் டீச்சர். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். இன்று மாலை எழுதச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே எழுத்துக்கு எழுத்து நிமிர்கிறான். ஆங்கிலத்திலும் இரண்டு மூன்று எழுத்துக்கு ஒருமுறை. இதுவரை இதை நான் கவனித்ததே இல்லை.

அங்மோகியோ_அம்மா

என் அனுபவத்தையும் சொல்கிறேன். என் மகளையும் "மெதுவான பிள்ளை" என்றுதான் நினைத்தோம். பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள், பகல் கனவு என்று ஆசிரியர் சொன்னார். கூப்பிட்டாலும் தோளைத் தொட்டாலும் சில நொடி திரும்ப மாட்டாள், பிறகு ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்தைத் தேடுவாள். பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்து, சின்னச் சின்ன வலிப்பு என்றார்கள். மருந்து கொடுத்த பிறகு இப்போது பரவாயில்லை. உங்கள் மகனுக்கும் அதுவாக இருக்கலாம், உடனே பாருங்கள்.

கல்லாங்_உளவியலாளர்

நல்ல எச்சரிக்கை, ஆனால் இங்கே அதற்கான அடையாளம் எதையும் ஈசூன் சகோதரி சொல்லவில்லை. வேறுபாடு இதுதான்: மெதுவான பிள்ளையின் பெயரைச் சொன்னால் திரும்பும், கை மெதுவாகவாவது நகர்ந்துகொண்டே இருக்கும். வலிப்பில் பிள்ளை அந்தச் சில நொடிகள் அங்கே இல்லவே இல்லை. அப்படி ஒருமுறை பார்த்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கண் பார்வை, காது, தூக்கம் இவற்றையும் முதலில் சரிபார்த்துவிடுவது நல்லது. பதினொரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்குப் பள்ளிப் பேருந்துக்கு எழும் பிள்ளை யாராக இருந்தாலும் மெதுவாகத்தான் இருக்கும்.

புக்கிட்பாத்தோக்_அப்பா

சரி, ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. என் இரண்டாவது பிள்ளைக்கும் பதினைந்து நிமிடம் கூடக் கொடுத்தால் அவளும் நாலு மதிப்பெண் கூட வாங்குவாள். ஒருவனுக்கு மட்டும் கொடுப்பது எப்படிச் சரி? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கல்லாங்_உளவியலாளர்

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். பின்னக் கணக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்கான தாளில் பிள்ளையின் கைவேகமும் சேர்ந்து அளக்கப்பட்டால், அந்த மதிப்பெண் பின்னத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி பொய். ஒரு நிமிடத்தில் எத்தனை வாய்ப்பாடு சொல்கிறான் என்பதுதான் சோதனை என்றால், அங்கே கூடுதல் நேரம் கேட்பது நியாயமில்லை. நானே பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் மகள் விஷயத்தில், பத்து நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டுச் சரிபார்க்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் ஒன்றிரண்டு தவறைத் திருத்தும், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தைத் தொடவே முடியாத பிள்ளைக்கு அதே நேரத்தில் நிறைய ஏறும். ஆனால் எல்லாத் தாளும் நேர நெருக்கடியோடு அமைந்திருந்தால் சாதாரணப் பிள்ளைகளுக்கும் கணிசமாக ஏறும் என்பதும் உண்மை. ஆய்வுகளும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. அதனால்தான் இந்தப் பிள்ளைக்குத் தேவையா என்பதைத் தாளில் காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பள்ளி அளவிலான ஒரு பயிற்சித் தேர்வை எடுத்து நீலப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். கணக்கானாலும் பேனாதான், பென்சில் வேண்டாம். நேரம் முடிந்ததும் பேனாவைப் பச்சைக்கு மாற்றி, "இனி உனக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொள்" என்று விடுங்கள். எப்போது முடித்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீலத்தில் எவ்வளவு, பச்சையில் எவ்வளவு என்று தனித்தனியாகத் திருத்துங்கள். பச்சையில் மதிப்பெண் ஏறாவிட்டால் சிக்கல் நேரத்தில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. முக்கியமாக, பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். "சீக்கிரம்" என்று சொல்லக்கூடாது. நேரம் எதில் போகிறது என்பதை மட்டும் எழுதிவையுங்கள்.

செங்காங்_மாணவன்

நான் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். எனக்குத் தொடக்கப்பள்ளியிலேயே கூடுதல் நேரம் கிடைத்தது. பயன் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன்: வகுப்புத் தேர்வில் எனக்குக் கூடுதல் நேரம் என்று ஆசிரியர் ஓய்வுநேரத்தை எடுத்துக்கொள்வார். நண்பர்கள் கீழே உணவு வாங்கிக்கொண்டிருப்பார்கள், நான் மேலே எழுதிக்கொண்டிருப்பேன். பசியோடு எழுதிய அந்தப் பத்து நிமிடத்தில் உருப்படியாக எதையும் எழுதியதாக ஞாபகம் இல்லை. ஒரு கட்டத்தில் "முடித்துவிட்டேன்" என்று பொய் சொல்லித் தாளைக் கொடுத்துவிடுவேன். கூடுதல் நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு கணக்கு ஆசிரியை. "உன்னை நான்காம் கேள்விக்குக் கூப்பிடப் போகிறேன்" என்று முன்கூட்டியே மேசைப் பக்கம் வந்து சொல்வார். எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். கை தூக்கிப் பேசுகிற பழக்கமே அந்த ஆண்டுதான் வந்தது.

தமிழாசிரியை_ஜூரோங்

தம்பி சொன்னதைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஓய்வுநேரத்தைத் தொடக்கூடாது என்பதை நான் என் வகுப்பில் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது பற்றி ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசின. நான் மனத்துக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுகிறேன். இதற்கு அறிக்கையும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம்.

ஈசூன்_அம்மா

பச்சைப் பேனா முறையைச் செய்து பார்த்தோம். அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குறித்தார்.

கணக்கு: 50 நிமிடம், 40 மதிப்பெண், 20 கேள்வி. நீலத்தில் 14ஆம் கேள்விவரை வந்தான். அதுவரை உள்ள 25 மதிப்பெண்ணில் 23. பச்சையில் இன்னும் 15 நிமிடம் எடுத்துக்கொண்டு கடைசிவரை முடித்தான். மொத்தம் 35.

ஆங்கிலக் கருத்தறிதல்: 20 மதிப்பெண். நேரத்துக்குள் 9. பச்சையில் கிட்டத்தட்ட அதே அளவு நேரம் எடுத்தும் 11தான். கடைசி இரண்டு கேள்விக்கு ஒற்றை வரியில் எழுதிவிட்டு, "கை வலிக்கிறது" என்று நிறுத்திவிட்டான். அதே கேள்விகளை வாயால் கேட்டபோது நான்கைந்து வாக்கியத்தில் விளக்கினான்.

நேரம் எதில் போனது என்று அப்பா எழுதியது: கணக்கில் கட்டப்படம் வரையும்போது அளவுகோல் எடுத்து ஒவ்வொரு கோட்டையும் நேராகப் போடுகிறான். கொஞ்சம் கோணினால் மேலே வெள்ளை நாடாவை ஒட்டி மறுபடி வரைகிறான். ஒரு கேள்விக்கு மட்டும் ஏழு நிமிடம், அதில் கணக்குப் போட்டது இரண்டு நிமிடம்கூட இல்லை. மீதி எல்லாம் படம்.

கல்லாங்_உளவியலாளர்

அருமையாகக் கவனித்திருக்கிறார். அறிக்கையைவிட இந்தக் குறிப்பு உங்களுக்கு அதிகம் உதவும்.

கணக்கில் தேவை தெளிவாகத் தெரிகிறது. தொட்ட கேள்வியில் 25க்கு 23, நேரம் கிடைத்ததும் 12 மதிப்பெண் கூடியது. 50 நிமிடத்துக்கு 15 நிமிடம் என்றால் கால் பங்குக்குச் சற்று மேல். இங்கே கூடுதல் நேரம் என்றால் பெரும்பாலும் கால் பங்குதான் பேசுவார்கள். அளவுகோலையும் வெள்ளை நாடாவையும் எடுத்துவிட்டாலே அதில் ஒரு பகுதி நேரம் மிச்சமாகிவிடும். கட்டப்படம் கையால் கிறுக்கலாக இருந்தாலும் மதிப்பெண் குறையாது என்று அவனுடைய கணக்கு ஆசிரியர் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் நம்ப மாட்டான்.

ஆங்கிலத்தில் கதை வேறு. நேரம் கொடுத்தும் ஏறவில்லை, வாயால் ஏறுகிறது, கை வலிக்கிறது. அங்கே கூடுதல் நேரம் கொடுத்தால் வலியும் கூடும், அவ்வளவுதான். எழுதும் கையை ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். பென்சில் பிடி, அழுத்தம், தோள் வலு எல்லாம் பார்ப்பார்கள். கணினியில் தட்டச்சு கேட்கலாமா என்று இப்போதே யோசிக்க வேண்டாம். தட்டச்சு பழகாத பிள்ளைக்கு அது கையெழுத்தைவிட மெதுவாக இருக்கும். வீட்டில் பழக ஆரம்பிக்கலாம்.

பள்ளியில் கேட்க வேண்டியதை நான் இந்த வரிசையில் வைப்பேன். முதலில் பார்த்து எழுதும் வேலையைக் குறைப்பது: திருத்தங்களையும் வெண்பலகைக் குறிப்பையும் அச்சிட்டுக் கொடுத்தால் போதும், அவன் முக்கியமான சொற்களை மட்டும் நிரப்பட்டும். அடுத்து அளவைக் குறைப்பது: ஒரே மாதிரியான பத்துக் கணக்கில் ஐந்து போதும், கடினமான கணக்கை நீக்கக்கூடாது. இவை இரண்டும் வகுப்பு நாள் முழுக்க உதவும். கூடுதல் நேரம் ஆண்டுக்குச் சில நாள்தான் உதவும். அதையும் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

தமிழாசிரியை_ஜூரோங்

அளவைக் குறைப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கணக்கில் சரி. மொழிப் பாடத்தில் ஏற்கெனவே எழுத்துப் பழக்கம் குறைவு. பாதியாகக் குறைத்தால் அந்தப் பிள்ளை இன்னும் பின்தங்கும். நான் செய்வது வேறு: பத்து வாக்கியத்தையும் சொல்லச் சொல்வேன், நான்கை மட்டும் எழுதச் சொல்வேன். பயிற்சி பத்துக்கும் கிடைக்கிறது. ஆனால் நாற்பது பேர் வகுப்பில் ஆங்கில ஆசிரியரால் இதைச் செய்ய முடியுமா என்றால் கஷ்டம்தான். எங்கள் தாய்மொழி வகுப்பில் பிள்ளைகள் குறைவு, எனக்கு முடிகிறது.

கல்லாங்_உளவியலாளர்

டீச்சர் சொல்வது மொழிக்குப் பொருந்தும். எனக்கு ஒரு தயக்கம் உண்டு, வாயால் சொன்னது பதிவில் நிற்காது, அடுத்த ஆசிரியருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு எது நல்லது என்று பார்த்தால் உங்கள் முறையே மேல்.

புக்கிட்பாத்தோக்_அப்பா

பச்சைப் பேனா முடிவைப் பார்த்தபிறகு கணக்கில் நேரம் கொடுப்பது சரி என்றே படுகிறது. 25க்கு 23 எடுக்கும் பிள்ளையை மதிப்பெண் பட்டியலில் 23/40 என்று போடுவது தவறு. ஆனாலும் பிஎஸ்எல்இ-க்கு இது கிடைக்குமா? அங்கே இல்லையென்றால் இங்கே பழக்கி என்ன பயன்?

கல்லாங்_உளவியலாளர்

பிஎஸ்எல்இ-க்குச் சிறப்புத் தேர்வு ஏற்பாடு என்று ஒன்று உண்டு. பெற்றோர் நேரடியாகக் கேட்க முடியாது. பள்ளிதான் சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்துக்கு விண்ணப்பிக்கும், அவர்கள் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து முடிவு செய்வார்கள். நிபுணரின் அறிக்கை வேண்டும், பள்ளியில் தேவை இருந்தது என்ற ஆதாரமும் வேண்டும். அதனால்தான் இப்போதே வகுப்பில் தொடங்குவது முக்கியம். தொடக்கநிலை 6இல் முதல் தடவையாகக் கேட்டால் "இதுவரை எப்படிச் சமாளித்தான்?" என்ற கேள்வி வரும். வெறும் 80 என்ற எண்ணை வைத்து, வேறு எந்தக் கண்டறிதலும் இல்லாமல், கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். தேர்வு நெருங்கும்போது அறிக்கை பழையதாகிவிடுமா என்பதையும் பள்ளியில் இப்போதே கேட்டுவையுங்கள்.

ஈசூன்_அம்மா

பள்ளியில் பேசிவிட்டோம். வகுப்பாசிரியரும், சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் எஸ்இஎன் அதிகாரியும் வந்திருந்தார்கள். நீலம், பச்சை எழுதிய கணக்குத் தாளை மேசைமேல் வைத்ததும் பேச்சு எளிதாகிவிட்டது. வகுப்பாசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒப்புக்கொண்டது: திருத்தங்களை அச்சிட்டுக் கொடுப்பார்கள். கணக்கில் கட்டப்படத்துக்கு அளவுகோல் வேண்டாம் என்று ஆசிரியரே அவனிடம் சொல்வார். அடுத்த தவணையிலிருந்து கணக்குத் தேர்வில் கால் பங்கு நேரம் கொடுத்துப் பார்த்து, எஸ்இஎன் அதிகாரி பதிந்துவைப்பார். ஓய்வுநேரத்தைத் தொடக்கூடாது என்று கேட்டபோது, தேர்வைச் சற்று முன்னாலேயே தொடங்க வைக்கலாம் என்றார்கள். வீட்டுப்பாடத்தைக் குறைக்க மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றப் பெற்றோர் கேட்பார்கள் என்கிறார்கள். 30 நிமிடம் எழுதியபின் நான் கையெழுத்துப் போட்டு நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தமிழ்க் கட்டுரையில் இவனுக்குக் கருத்து நிறைய இருக்கிறது, தாளில் ஐந்து வரிதான் வருகிறது. டீச்சர், என்ன செய்யலாம்?

தமிழாசிரியை_ஜூரோங்

எழுதும் முன் கதையை முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள், கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அவனே அதைக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதட்டும். யோசிப்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை, அதுதான் அவனைக் கட்டிப்போடுகிறது. கொஞ்ச நாள் கழித்துப் பதிவுக்குப் பதிலாக, கேள்வியில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு குறிப்புச் சொல் மட்டும் எழுதிக்கொண்டு கட்டுரைக்குப் போகலாம். தேர்வில் கைப்பேசி கிடையாது, குறிப்புச் சொல் எழுதத் தடையில்லை.

செங்காங்_மாணவன்

அக்கா, 30 நிமிடக் கையெழுத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டால் இங்கே சொல்லுங்கள். என் தம்பி தொடக்கநிலை 3, அவனுக்கும் கேட்க வேண்டும்.